யூ.கே. மாஸ்டர்ஸ்ல பிளேஜியரிசம் மெயில் வராம இருக்கணுமா? மனப்பாடப் பழக்கத்தோட போறவங்க அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊர்ல புக்ல இருக்கிறத வரி மாறாம எழுதினாதான் மார்க். இங்க அதையே பண்ணா திருட்டுங்கிறாங்க. இவங்களுக்கு என்னதான் வேணும்?

நம்ம ஊர் யூனிவர்சிட்டி எக்ஸாம்ல பேப்பர் திருத்துறவர் கையில ஆன்சர் கீ இருக்கும். சிலபஸுக்கு ஒரு புக்கு, இல்ல காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில வாங்கின ஒரு நோட்ஸ், எல்லாரும் அதையேதான் படிச்சிருப்பாங்க, அந்த வரி எங்க இருந்து வந்துச்சுன்னு அவருக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். அதனால யார் சொன்னதுன்னு எழுத வேண்டிய அவசியமே வரல. இங்க மாட்யூல் லீடர் நீளமா ஒரு ரீடிங் லிஸ்ட் குடுத்துட்டு, "இவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நீ யார் பக்கம், ஏன்"னு கேக்குறார். அவர் மார்க் போடுறது அந்த "ஏன்"க்குத்தான். எந்த வரி உங்களோடது, எந்த வரி அடுத்தவரோடதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியலைன்னா அவரால மார்க் போடவே முடியாது, அதான் இவ்ளோ கறார்.

இன்னொண்ணு, பெரியவங்க சொன்னத அவங்க வார்த்தையிலயே வைக்கிறது மரியாதைன்னு நினைக்கிறது ஏதோ சோம்பேறித்தனம் இல்ல. பழைய சூத்திரத்தை அப்படியே எடுத்து வைக்கிறதுக்கு நன்னூல்லயே காரணம் சொல்லியிருக்காங்க, முன்னோர் சொன்ன பொருள் மட்டுமில்ல, அவங்க சொல்லையும் பொன்னா போற்றுவோம்னு. நீங்க அங்க போய் உக்கார்ற கிளாஸ்ல அந்த வழக்கம் செல்லாது, அவ்ளோதான் விஷயம்.

நான் கொஞ்ச காலம் இங்கிலாந்துல ஒரு ஸ்டூடன்ட்ஸ் யூனியன்ல அட்வைஸ் குடுக்குற வேலையில இருந்தேன், அதனால கீழ சொல்றது எல்லாம் யூ.கே. கணக்கு, அதுலயும் ஒரு வருஷ மாஸ்டர்ஸ் படிக்க வர்றவங்க கணக்கு. ரூல்ஸ் யூனிவர்சிட்டிக்கு யூனிவர்சிட்டி கொஞ்சம் மாறும், உங்க ஸ்டூடன்ட் ஹேண்ட்புக்க ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க.

டர்னிட்டின்ல எத்தனை பர்சன்ட் வரைக்கும் சேஃப்? பத்துக்குள்ள இருந்தா ஓகேதானே?

இந்தப் பத்து எங்க இருந்து வருதுன்னா, யூ.ஜி.சி. 2018ல கொண்டு வந்த ரெகுலேஷன்ல இருந்து. அதுல 10% வரைக்கும் ஒத்துப் போனா தண்டனை இல்ல, 10க்கு மேல 40 வரைக்கும் ஒரு லெவல், 60 வரைக்கும் ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணுன்னு படிப்படியா போட்டிருக்காங்க. பொதுவா எல்லாரும் எழுதுற வார்த்தைத் தொடர் 14 வார்த்தை வரைக்கும் கணக்குல சேராதுன்னும் இருக்கு. இந்தியாவுல தீசிஸ் குடுத்தவங்க, சீனியர்ஸ் எல்லாரும் இதை வெச்சுத்தான் பேசுவாங்க, அது அப்படியே பிளைட் ஏறி வந்துடுது.

இங்க பெரும்பாலான யூனிவர்சிட்டியில அப்படி ஒரு கோடு கிடையாது. டர்னிட்டின் பண்றது ஒரே வேலை, உங்க டெக்ஸ்ட்ட அது வெச்சிருக்கிற வெப்சைட், ஜர்னல், மத்த ஸ்டூடன்ட்ஸ் பேப்பரோட ஒப்பிட்டு எது எது ஒண்ணா இருக்குன்னு கலர் பூசிக் காட்டும். 24% வரைக்கும் பச்சை, 49 வரைக்கும் மஞ்சள், 74 வரைக்கும் ஆரஞ்சு, அதுக்கு மேல சிவப்பு. பச்சைன்னா பாஸ்னு அர்த்தம் இல்ல. 6% வந்த ஒரு கட்டுரைய எடுத்துக்கங்க, அந்த 6ம் ஒரே இடத்துல, ஒரே ஆர்ட்டிகிள்ல இருந்து, கோட் மார்க்கும் இல்லாம பேரும் இல்லாம ஒரு முழு பாராவா இருந்தா மெயில் வரும். இன்னொருத்தருக்கு 30% வந்திருக்கும், திறந்து பார்த்தா ரெஃபரன்ஸ் லிஸ்ட், அசைன்மென்ட் கேள்வி, கவர் ஷீட், ஒழுங்கா கோட் பண்ண ரெண்டு வரி, இதெல்லாம்தான் இருக்கும், ஒண்ணும் ஆகாது.

அதனால நம்பர விட்டுட்டு ரிப்போர்ட்ட திறங்க. கலர் பூசின ஒவ்வொரு துண்டையும் கிளிக் பண்ணி, இது யாரோட வரி, அவர் பேர் பக்கத்துலயே இருக்கா, வார்த்தை அப்படியே இருந்தா கோட் மார்க் இருக்கான்னு பாருங்க. "பாதிக்கப்பட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை" மாதிரி மூணு வார்த்தை அங்கங்க மாட்டியிருந்தா விட்டுடலாம், அது மொழியில எல்லாரும் எழுதுறது. ஒரு முழு வாக்கியம், இல்ல நடுவுல ரெண்டு வார்த்தை மட்டும் வெள்ளையா இருந்து சுத்தி எல்லாம் கலரா இருக்கிற வாக்கியம், அங்க நில்லுங்க.

டிராஃப்ட்ட போட்டுப் பார்க்க விடுவாங்களான்னு மாட்யூலுக்கு மாட்யூல் மாறும். விட்டாங்கன்னா ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும், பொதுவா முதல் மூணு தடவை ரிப்போர்ட் சீக்கிரம் வந்துடும், அதுக்கு மேல திரும்பப் போட்டா 24 மணி நேரம் காத்திருக்கணும். டெட்லைன் அன்னிக்கு ராத்திரி நாலாவது தடவை போட்டுட்டு உக்காந்திருக்கிறவங்கள நான் நிறைய பார்த்திருக்கேன்.

நான் காப்பி பேஸ்ட் பண்ணவே இல்ல, வார்த்தையெல்லாம் மாத்தினேன், கடைசியில ரெஃபரன்ஸும் குடுத்தேன். அப்புறமும் ஏன் மார்க் பண்ணிட்டாங்க?

நம்ம பசங்க மாட்டுறதுல பாதிக்கு மேல இதுதான், அதனால இதுக்கு ஒரு உதாரணத்தை முழுசா போட்டுப் பார்த்துடலாம். நீங்க எழுதப் போறது இங்கிலீஷ்ல, நான் தமிழ்லயே காட்டுறேன், விஷயம் ஒண்ணுதான்.

எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட், அசைன்மென்ட் கேள்வி: சம்பளம் ஏத்தினா ஐ.டி. கம்பெனியில ஆள் நிப்பாங்களா? ஹெர்ஸ்பெர்க் தியரி எழுதணும். ஒரு டெக்ஸ்ட்புக்ல இப்படி இருக்குன்னு வைங்க (உதாரணத்துக்கு நானே எழுதினது):

"சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் போன்ற ஹைஜீன் காரணிகள் போதாமல் இருந்தால் ஊழியர்களிடம் அதிருப்தி உருவாகும், ஆனால் அவற்றை மேம்படுத்துவதால் மட்டும் ஊழியர்கள் ஊக்கம் பெற்றுவிட மாட்டார்கள். உண்மையான ஊக்கம் சாதனை, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவற்றிலிருந்தே பிறக்கிறது."

நம்ம ஸ்டூடன்ட் எழுதினது:

"ஊதியம், கண்காணிப்பு, வேலைச்சூழல் முதலிய சுத்தக் கூறுகள் குறைவாக இருந்தால் பணியாளர்களிடம் மனக்குறை தோன்றும், எனினும் அவற்றை உயர்த்துவதால் மட்டும் பணியாளர்கள் உந்துதல் அடைந்துவிட மாட்டார்கள். மெய்யான உந்துதல் வெற்றி, பாராட்டு, கடமை ஆகியவற்றிலிருந்தே எழுகிறது." கீழ அந்த டெக்ஸ்ட்புக் ஆசிரியர் பேரும் வருஷமும்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதே வரிசை, கமா அதே இடத்துல, அதே மூணு உதாரணம், அதே "ஆனால் மட்டும்" திருப்பம். எலும்புக்கூடு டெக்ஸ்ட்புக்கோடது, மேல சட்டை மட்டும் மாத்தியிருக்கு. இதுக்கு பேட்ச்ரைட்டிங்னு பேரு, ரெபெக்கா மூர் ஹவார்ட்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் வெச்சது. புது மொழியில, புது சப்ஜெக்ட்ல எழுதக் கத்துக்கிறவங்க எல்லாரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போவாங்க, இதைத் திருட்டா பார்க்காதீங்கன்னு அவங்க வாதாடினாங்க. ஆனா உங்க யூனிவர்சிட்டி ரூல்ஸ்ல இது பெரும்பாலும் பிளேஜியரிசம்தான், கருணை காட்டினா "புவர் அகாடமிக் பிராக்டிஸ்"னு எழுதி எச்சரிக்கையோட விடுவாங்க. ரெஃபரன்ஸ் குடுத்திருக்கேனேன்னு கேட்டா, ரெஃபரன்ஸ் சொல்றது கருத்து அவரோடதுன்னு, கோட் மார்க் இல்லாததால வாக்கியம் உங்களோடதுன்னு ஆகுது. அந்த ரெண்டாவது பாதி பொய்.

அதோட "சுத்தக் கூறுகள்"ங்கிறதப் பாருங்க. ஹைஜீன் ஃபேக்டர்ங்கிறது ஹெர்ஸ்பெர்க் வெச்ச பேரு, அது கலைச்சொல், அதை மாத்தவே கூடாது. திருத்துறவருக்கு முதல்ல கண்ல படுறதே இந்த மாதிரி ஒரு விசித்திரமான சொல்தான், டர்னிட்டின் அப்புறம். யூ.கே.ல தண்டனை முடிவு பண்ண 2010ல ஆம்பர் டாரிஃப்னு ஒரு பொது அளவுகோல் போட்டாங்க, நிறைய யூனிவர்சிட்டி அதை ஒட்டித்தான் சொந்தமா ரூல்ஸ் வெச்சிருக்கு. அதுல முன்னாடி மாட்டியிருக்கீங்களா, எவ்ளோ எடுத்தீங்க, எந்த லெவல் படிப்பு, அசைன்மென்ட்டுக்கு எவ்ளோ வெயிட்டேஜ்னு எல்லாம் பார்த்துட்டு, கண்டுபிடிக்காம இருக்கணும்னு வேணும்னே வார்த்தையை மாத்தியிருந்தா அதுக்குத் தனியா பாயின்ட் சேர்ப்பாங்க. நல்லபடியா இருக்கட்டும்னு நீங்க ராத்திரியெல்லாம் உக்காந்து மாத்தினது, அவங்க கண்ணுக்கு மறைக்கப் பார்த்த மாதிரி தெரியும். காப்பி பேஸ்ட்ட விட இது ஆபத்தா போற இடம் இதுதான்.

சரி, எப்படி எழுதலாம்? டெக்ஸ்ட்புக் வாக்கியத்தை எப்படி மாத்தலாம்னு யோசிச்சா மறுபடி அங்கயேதான் போய் நிப்பீங்க. உங்க கேள்விக்கு இதுல இருந்து என்ன வேணும்னு யோசிங்க. கேள்வி சம்பளத்தைப் பத்தி. அப்ப மேற்பார்வை, பணிச்சூழல் எல்லாம் எதுக்கு?

"சம்பளத்தை உயர்த்துவது புகாரைக் குறைக்கும், ஆனால் அதுவே ஒருவரை ஈடுபாட்டோடு வேலை செய்ய வைக்காது என்கிறார் ஹெர்ஸ்பெர்க் (1968). இந்தப் பிரிவினை பிட்ஸ்பர்க் பகுதியில் 203 இன்ஜினியர்கள், அக்கவுன்டன்ட்களிடம் எடுத்த பேட்டிகளிலிருந்து வந்தது (ஹெர்ஸ்பெர்க், மாஸ்னர், ஸ்னைடர்மன், 1959). நல்லது நடந்தால் தன் திறமை, கெட்டது நடந்தால் கம்பெனியின் தப்பு என்று சொல்வது மனித இயல்பு என்பதால், பேட்டி முறையே இந்தப் பிரிவினையை உண்டாக்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தை வ்ரூம் (1964) எழுப்பினார். எக்ஸிட் இன்டர்வியூவை மட்டும் வைத்து ஆள் ஏன் போகிறார்கள் என்று முடிவு செய்யும் ஐ.டி. கம்பெனிகளுக்கும் இதே சந்தேகம் பொருந்தும்."

முதல் வாக்கியம் ஹெர்ஸ்பெர்க், ரெண்டாவது அந்த ஆராய்ச்சி, மூணாவது வ்ரூம், நாலாவது மட்டும் நீங்க. ஒவ்வொண்ணும் யாருதுன்னு படிக்கிறவருக்கு அங்கங்கயே தெரியுது பாருங்க. பாரா முழுக்க எழுதிட்டு கடைசி வரியில ஒரே ஒரு பிராக்கெட் போட்டா அது அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும்தான்னு எடுத்துக்குவாங்க, மேல இருக்கிற அஞ்சு வரி அனாதையா நிக்கும். இந்த நாலாவது வாக்கியம்தான் மார்க் வாங்கிக் குடுக்கும், அது எந்த புக்லயும் இல்ல.

புக்க மூடிட்டு எழுதுன்னு லைப்ரரியில சொல்றாங்க. மூடினாலும் எனக்கு அந்த வரி அப்படியே ஞாபகம் வருதே, என்ன பண்றது?

ஆமா, அந்த டிப் மனப்பாடப் பழக்கம் இல்லாதவங்களுக்காக சொன்னது. பன்னெண்டு வருஷம் ஸ்கூல்ல பத்தி பத்தியா ஒப்பிச்சவங்களுக்கு புக்க மூடினாலும் பக்கம் கண்ணு முன்னாடியே நிக்கும், எழுதும்போது இது என் வாக்கியமா அந்தாளு வாக்கியமான்னு உங்களுக்கே தெரியாது. உண்மையிலேயே தெரியாம நடக்குற தப்பு இது.

எனக்குத் தெரிஞ்சு நல்லா வேலை செஞ்ச ஒரு வழி, நடுவுல தமிழைக் கொண்டு வர்றது. ஒரு செக்ஷன் படிச்சதும் டேப மூடிட்டு, போன எடுத்து, ரூம்மேட்டுக்கோ தங்கச்சிக்கோ சொல்ற மாதிரி ஒரு நிமிஷம் வாய்ஸ் நோட் போடுங்க, தமிழ்ல. "இந்தாளு என்ன சொல்றான்னா, சம்பளம் குடுக்கலன்னா கடுப்பாவாங்க, குடுத்துட்டா கடுப்பு போயிடும், ஆனா அதுக்காக உயிரைக் குடுத்து வேலை பார்க்க மாட்டாங்கங்கிறான்." அனுப்பணும்னு கூட இல்ல. அப்புறம் அந்த வாய்ஸ் நோட்டக் கேட்டு அதுல இருந்து இங்கிலீஷ்ல எழுதுங்க. இங்கிலீஷ் வாக்கியத்துல இருந்து இங்கிலீஷ் வாக்கியத்துக்குப் போனா எலும்புக்கூடு கூடவே வரும், நடுவுல பேச்சுத் தமிழ் வந்துட்டா அது உடைஞ்சுடும். சொல்ல வரலைன்னா இன்னும் புரியலைன்னு அர்த்தம், திரும்பப் படிங்க. எழுதி முடிச்சதும் புக்கத் திறந்து அர்த்தம் மாறிடலையேன்னு ஒரு தடவை சரி பாருங்க, இது முக்கியம், இல்லன்னா தப்பா எழுதி வெச்சுடுவோம்.

இதை விட அடிப்படை, நோட்ஸ் எடுக்கிற விதம். பிரச்சினை எழுதுற அன்னிக்கு ஆரம்பிக்கல, மூணு வாரம் முன்னாடி நோட்ஸ் எடுத்த அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு. பி.டி.எஃப்ல இருந்து நல்ல வரியெல்லாம் எடுத்து ஒரு வேர்ட் ஃபைல்ல போட்டு வெச்சிருப்பீங்க, நடுநடுவுல சொந்தமா ரெண்டு வரி, மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா எல்லாம் ஒரே ஃபான்ட்ல ஒரே மாதிரி இருக்கும், எது யாருதுன்னு பிரம்மாவுக்கே தெரியாது. அதனால வரிய எழுதுறதுக்கு முன்னாடி ஆசிரியர், வருஷம், பக்கம் மூணையும் எழுதிடுங்க, அதுக்கப்புறம்தான் வரி. அப்படியே எடுத்ததை சிவப்புல, உங்க வார்த்தையில சுருக்கினதைக் கறுப்புல, உங்க சொந்த யோசனையைப் பச்சையில. சிவப்பு எதுவும் கோட் மார்க் இல்லாம கட்டுரைக்குள்ள போகக் கூடாது. சின்னப்புள்ளத்தனமா தெரியலாம், ஆனா பின்னாடி மெயில் வந்தா உங்களக் காப்பாத்தப் போற எவிடன்ஸும் இந்த நோட்ஸ்தான்.

எழுதின கட்டுரையில ஞாபகத்துல இருந்து வந்த வரிய எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, உங்க இங்கிலீஷ் திடீர்னு ரொம்ப அழகாயிடும். சுத்தி எல்லாம் சின்னச் சின்ன வாக்கியமா இருக்கும், நடுவுல ஒண்ணு மட்டும் மூணு கமா போட்டு, நீங்க வாழ்க்கையில பேசவே பேசாத ஒரு இணைப்புச் சொல்லோட வந்து நிக்கும். அந்த வாக்கியத்தோட ஏழெட்டு வார்த்தைய ரெட்டை கோட் மார்க்குக்குள்ள போட்டு கூகுள்லயும் கூகுள் ஸ்காலர்லயும் தேடுங்க. அப்படியே வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை, கோட் பண்ணுங்க, இல்ல எடுத்துட்டு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிங்க. வரலைன்னா பெரும்பாலும் உங்களோடதுதான், ஆனா பிரிண்ட் புக்க எல்லாம் கூகுள் முழுசா பார்க்காது, சந்தேகம் இருந்தா புக்லயும் ஒரு தடவை பார்த்துடுங்க.

வம்பே வேணாம், எல்லாத்தையும் கோட் மார்க்குக்குள்ள போட்டு பேர் குடுத்துட்டா?

மெயில் வராது, மார்க்கும் வராது. பாதி கட்டுரை அடுத்தவங்க வாக்கியமா இருந்தா அவர் யாருக்கு மார்க் போடுறது? மேனேஜ்மென்ட், இன்ஜினியரிங், பப்ளிக் ஹெல்த் மாதிரி சப்ஜெக்ட்ல நேரடி கோட் ரொம்பக் கம்மியாத்தான் எழுதுவாங்க, உங்க ரீடிங் லிஸ்ட்ல இருக்கிற ரெண்டு ஜர்னல் ஆர்ட்டிகிளப் புரட்டிப் பாருங்க, ஒரு கோட் கூட இல்லாம இருபது பக்கம் ஓடும். லா, லிட்டரேச்சர், ஹிஸ்டரியில வேற மாதிரி, அங்க அந்த வார்த்தையேதான் ஆதாரம். ஒரு டெஃபனிஷன்ல எந்த வார்த்தை இருக்குங்கிறதே சண்டைன்னா கோட் பண்ணுங்க, சட்டப் பிரிவுன்னா கோட் பண்ணுங்க, பேட்டி குடுத்தவர் சொன்னதுன்னா கோட் பண்ணுங்க. ஹார்வர்ட் ஸ்டைல்ல நேரடி கோட்டுக்குப் பக்க நம்பர் கண்டிப்பா வேணும். கோட் போட்டதும் அடுத்த வாக்கியம் உங்களோடதா இருக்கணும், அதை வெச்சு என்ன சொல்ல வர்றீங்கன்னு.

ஹெர்ஸ்பெர்க் பத்தி டெக்ஸ்ட்புக்லதான் படிச்சேன், ஒரிஜினலப் பார்க்கல. ஹெர்ஸ்பெர்க் 1959ன்னு போடலாமா?

நீங்க கையில எடுத்துப் படிக்காதத படிச்ச மாதிரி போடக் கூடாது. டெக்ஸ்ட்புக் வழியாத்தான் தெரியும்னா "ஹெர்ஸ்பெர்க் சொன்னதாக இன்னார் குறிப்பிடுவது"ங்கிற மாதிரி எழுதி, ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல டெக்ஸ்ட்புக்க மட்டும் போடணும். இதுல எப்படி மாட்டுவாங்கன்னா, டெக்ஸ்ட்புக் ஆசிரியர் வருஷத்தையோ பக்கத்தையோ தப்பா போட்டிருப்பார், அந்தத் தப்பு அப்படியே உங்க கட்டுரையிலயும் இருக்கும். நாலு இடத்துல இப்படி எழுதினா சோம்பேறின்னு நினைப்பாங்க, அதனால முக்கியமான ரெண்டு ஒரிஜினலயாவது லைப்ரரி லாகின்ல எடுத்துப் பாருங்க. 1968 ஆர்ட்டிகிள் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூல வந்தது, சின்னதுதான், ஒரே மூச்சுல படிச்சுடலாம்.

எதுக்கெல்லாம் ரெஃபரன்ஸ் வேணாம்?

உங்க துறையில யாரும் மறுக்காத, எந்த புக்லயும் இருக்கிற தகவலுக்கு வேணாம், லண்டன் யூ.கே.வோட தலைநகரம், தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்ங்கிற மாதிரி. ஆனா அந்தத் தகவலையே ஒரு புக்ல இருந்து வாக்கியம் மாறாம எடுத்தா அதுக்கு வேணும். நம்பர், சதவீதம், ஒருத்தரோட கருத்து, தியரி, படம், டேபிள் எல்லாத்துக்கும் வேணும். சந்தேகம்னா போட்டுடுங்க, ஒண்ணு கூடிப் போனா யாரும் மெயில் அனுப்ப மாட்டாங்க.

தமிழ் புக்ல இருந்து நானே இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தேன். டர்னிட்டின் பிடிக்காதே?

பிடிக்காம போகலாம், ஆனா அது அடுத்தவர் கருத்துதானே. மொழிபெயர்ப்பு என்னுதுன்னு எழுதி ஆசிரியர் பேரையும் போடுங்க, தமிழ் சோர்ஸ்னா குறைவா நினைப்பாங்கன்னு பயப்படாதீங்க, நல்ல சோர்ஸ்னா மொழி பிரச்சினையே இல்ல.

ஃப்ரெண்டு கேட்டான்னு என் அசைன்மென்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பினேன், அவன் எழுதினதுக்கு என்னையும் கூப்பிடுவாங்களா?

கூப்பிடுவாங்க. அதுக்கு கொல்யூஷன்னு தனிப் பேரு, குடுத்தவரும் வாங்கினவரும் ரெண்டு பேரும் பதில் சொல்லணும். "மாடலுக்குப் பார்த்துட்டுத் தர்றேன்டா"ன்னு கேட்டா கேள்வியப் பத்திப் பேசுங்க, ஃபைல அனுப்பாதீங்க. நீங்களே ஒரு மாட்யூலுக்கு எழுதினத இன்னொரு மாட்யூலுக்குப் போட்டாலும் அது தப்புதான், பெரும்பாலான இடத்துல.

எக்ஸாம் ஹால்ல மனப்பாடம் பண்ணி எழுதலாமா?

புக் இல்லாம ஹால்ல உக்காந்து எழுதுற எக்ஸாம்ல ஞாபகத்துல இருந்துதான் எழுத முடியும்னு அவங்களுக்கும் தெரியும், பொதுவா ஆசிரியர் பேர், முடிஞ்சா வருஷம், அவ்ளோ சொன்னா போதும். ஆனா வீட்ல இருந்து எழுதி அப்லோட் பண்ற எக்ஸாம்னா அது அசைன்மென்ட் மாதிரிதான், டர்னிட்டின்லயும் போகும். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ஒப்பிச்சு எழுதி மாட்டினவங்க இருக்காங்க.

மெயில் வந்துடுச்சு, மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க. கை நடுங்குது. என்ன பண்ணணும்?

முதல்ல அந்த ராத்திரியே பதில் போடாதீங்க. "ஐ ஆம் வெரி சாரி, இனிமே பண்ண மாட்டேன்"னு ஒரு நீள மெயில் அனுப்புறதுதான் நம்ம பசங்க பண்ற முதல் வேலை, என்ன குற்றச்சாட்டுன்னே முழுசா படிக்காம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மெயில்ல என்ன பிரிவு, எந்த அசைன்மென்ட், எந்தத் தேதிக்குள்ள பதில் வேணும்னு இருக்கும், அதையும் கூட இணைச்ச டர்னிட்டின் ரிப்போர்ட்டையும் படிங்க. ரிப்போர்ட் இல்லைன்னா கேட்டு வாங்குங்க.

காலையில ஸ்டூடன்ட்ஸ் யூனியன் அட்வைஸ் சென்டருக்குப் போங்க. அவங்க யூனிவர்சிட்டி டிபார்ட்மென்ட் கிடையாது, காசும் வாங்க மாட்டாங்க, நீங்க சொல்றதை உங்க லெக்சரர் கிட்டப் போய்ச் சொல்ல மாட்டாங்க. பெரும்பாலான இடத்துல மீட்டிங்குக்குக் கூடவே வருவாங்க. அப்புறம் ரிப்போர்ட்ல கலர் பூசின ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்துல பென்சில்ல எழுதுங்க, இது எந்த சோர்ஸ், என் நோட்ஸ்ல எந்தப் பக்கம், கோட் மார்க் விட்டுப் போச்சா, பேர் விட்டுப் போச்சா, இல்ல இது சும்மா பொது வாக்கியமா. நோட்ஸ், பழைய டிராஃப்ட், வேர்ட்லயோ கூகுள் டாக்ஸ்லயோ இருக்கிற வெர்ஷன் ஹிஸ்டரி, எல்லாத்தையும் எடுத்து வைங்க.

ஒரு பொண்ணு வந்தாங்க, முதல் டெர்ம், முதல் அசைன்மென்ட் (அடையாளம் தெரியக் கூடாதுன்னு விவரம் மாத்தியிருக்கேன்). லிட்டரேச்சர் ரிவ்யூல மூணு பாரா பேட்ச்ரைட்டிங், எல்லாத்துக்கும் ரெஃபரன்ஸ் இருந்துச்சு, கோட் மார்க்தான் இல்ல. மீட்டிங்ல என்ன சொல்லட்டும்னு கேட்டப்ப அவங்க எழுதி வெச்சிருந்தது "எங்க நாட்டுல இதுதான் வழக்கம்"னு ஒரு முழுப் பக்கம். அதை ஒரே வரியாக்கச் சொன்னேன். ஏன்னா நிறைய யூனிவர்சிட்டியில உள்நோக்கம் இல்லைங்கிறது தப்பே நடக்கலைன்னு ஆக்காது, தண்டனையைக் குறைக்கத்தான் உதவும், வழக்கம்ங்கிற வாதமும் அப்படித்தான். அதுக்குப் பதிலா மூணு பாராவையும் ஒவ்வொண்ணா எடுத்து, எந்த சோர்ஸ், நான் எப்படி நோட்ஸ் எடுத்தேன், எங்க தப்பாச்சுன்னு சொல்லி, அதே மூணு பாராவ சரியா திருப்பி எழுதிக் கையில கொண்டு போனாங்க. பேனல் கேட்ட ஒரே கேள்வி, இப்ப வித்தியாசம் புரியுதாங்கிறதுதான். புவர் அகாடமிக் பிராக்டிஸ்னு எழுதி, ஒரு ரைட்டிங் வொர்க்‌ஷாப்புக்குப் போகச் சொல்லி, இருக்கிற மார்க்கோட விட்டுட்டாங்க. இதுவே ரெண்டாவது டெர்ம்ல, ஆன்லைன்ல அகாடமிக் இன்டெக்ரிட்டி கோர்ஸ் முடிச்சு டிக் பண்ண அப்புறம் நடந்திருந்தா அந்த மாதிரி விட்டிருக்க மாட்டாங்க, அந்த டிக்க பேனல் முன்னாடி எடுத்து வைப்பாங்க.

இன்னொண்ணு, பேனல் பார்க்கிறது கோர்ட்டுல மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் இல்ல, நடந்திருக்க வாய்ப்பு அதிகமா இல்லையாங்கிறதுதான். அதனால "புரூஃப் இருக்கா"ன்னு முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது உதவாது. பண்ணாததை ஒத்துக்கவும் வேணாம், பண்ணத மறைக்கவும் வேணாம்.

விசா போயிடுமா?

எச்சரிக்கை, மார்க் குறைப்பு, திரும்ப எழுதச் சொல்றது, இதுக்கெல்லாம் நேரா விசாவோட சம்பந்தம் இல்ல. கோர்ஸை விட்டே அனுப்பினா யூனிவர்சிட்டி உங்க ஸ்பான்சர்ங்கிற முறையில ஹோம் ஆபீஸுக்குச் சொல்லணும், அப்ப விசாவைச் சுருக்குவாங்க. நடுவுல ஒரு சிக்கல் இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க: திரும்ப எழுதச் சொன்ன அசைன்மென்ட் சம்மர்ல வந்து, ரிசல்ட் வர்றதுக்குள்ள விசா தேதி முடிஞ்சுடலாம், கோர்ஸை வெற்றிகரமா முடிச்சதா யூனிவர்சிட்டி சொல்லாம கிராஜுவேட் விசாவுக்கு அப்ளை பண்ண முடியாது. அதனால தண்டனை லெட்டர் வந்த அன்னிக்கே இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆபீஸ்ல ரீசப்மிஷன் தேதியையும் விசா தேதியையும் பக்கத்துல வெச்சுக் கேளுங்க.

முடிவு அநியாயம்னு தோணுது. மேல போகலாமா?

முதல்ல யூனிவர்சிட்டிக்குள்ளயே அப்பீல். "தண்டனை அதிகம்னு ஃபீல் பண்றேன்"னு எழுதினா பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, ரூல்ஸ்படி நடத்தல, புது ஆதாரம் இருக்கு, ஆதாரத்தைப் பார்க்காம முடிவு பண்ணாங்க, இந்த மாதிரி காரணம் வேணும், தேதியும் குறைவாத்தான் குடுப்பாங்க. அதுவும் முடிஞ்சா யூனிவர்சிட்டி கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ் லெட்டர்னு ஒண்ணு தரும். அந்த லெட்டர்ல போட்டிருக்கிற தேதியில இருந்து 12 மாசத்துக்குள்ள, இங்கிலாந்து, வேல்ஸ்னா ஓ.ஐ.ஏ.ங்கிற சுதந்திர அமைப்புக்கு எழுதலாம், ஸ்டூடன்ட்ஸுக்கு இலவசம். உங்க கட்டுரை பிளேஜியரிசமான்னு அவங்க திருத்திப் பார்க்க மாட்டாங்க, யூனிவர்சிட்டி தன் ரூல்ஸ்படி நியாயமா நடந்துச்சான்னு மட்டும் பார்ப்பாங்க. ஸ்காட்லாந்துலயும் வட அயர்லாந்துலயும் இதுக்கு அவங்கவங்க பொது ஆம்புட்ஸ்மன் இருக்காங்க, அங்க படிக்கிறவங்க ஓ.ஐ.ஏ.வுக்கு எழுதி நாளை விட்டுடாதீங்க.